நகைக்கடன்: மாதாமாதம் கட்டினால் 24,000, கடைசியில் கட்டினால் 25,365. இடையில் உள்ள 1,365 எங்கிருந்து வருகிறது?

தையல்வீடு_கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பவர் மிஷின் வாங்க நகையை வைத்து 2 லட்சம் கடன் வாங்கப் போகிறேன். வங்கியில் கேட்டபோது இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, மாதாமாதம் வட்டி கட்டி, வருடக் கடைசியில் அசலைக் கட்டி நகையைத் திருப்புவது. இன்னொன்று, ஒரு வருடம் எதுவும் கட்டாமல் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டுவது. அதை புல்லட் என்கிறார்கள்.

இரண்டுக்கும் 12 சதவீதம் என்றுதான் கவுண்டரில் சொன்னார்கள். ஆனால் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது மாதாமாதம் என்றால் வருடத்துக்கு 24,000, மொத்தமாக என்றால் 25,365 என்று வந்தது. ஒரே வட்டி விகிதம், ஒரே அசல், ஒரே வருடம். பிறகு ஏன் 1,365 ரூபாய் வித்தியாசம்? பக்கத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலும் 12 சதவீதம் என்றுதான் போர்டு வைத்திருக்கிறார்கள். எதில் வைப்பது?

என் வருமானம் சீராக வராது. பள்ளி திறக்கும்போது சீருடை, அப்புறம் தீபாவளி, பொங்கல். நடுவில் ஆடி மாதம் போல சில மாதம் கை காய்ந்துவிடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெண்ணையாற்றங்கரை

அக்கா, அது வட்டிக்கு வட்டி. 12 சதவீதம் என்று சொல்லிவிட்டு 12.68 வாங்குகிறார்கள். புல்லட் பக்கமே போகாதீர்கள். மாதாமாதம் கட்டுவதுதான் எப்போதும் லாபம். என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான்.

நெல்லிக்குப்பம்_கரும்பு

7 சதவீதத்துக்கே நகைக்கடன் கிடைக்குமே, ஏன் 12க்குப் போகிறீர்கள்? நான் கரும்புக்கு நகையை வைத்துத்தான் வாங்கினேன். வருடத்துக்குள் கட்டினால் 4 சதவீதம்தான் விழுந்தது. மாதாமாதம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அறுவடைப் பணம் வந்ததும் ஒரே தடவையில் கட்டித் திருப்பினேன்.

தையல்வீடு_கடலூர்

அண்ணா, எனக்கு நிலம் இல்லை. தையல் மிஷினுக்குக் கேட்கிறேன்.

வில்லியனூர்_கவுண்டர்

ஒரு வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் 19 வருடம் உட்கார்ந்திருந்தேன், இப்போது ஓய்வு. நெல்லிக்குப்பம் நண்பர் சொல்வது பயிர்க்கடன். அதற்கு அரசின் வட்டிச் சலுகை உண்டு, வட்டியும் அறுவடையை ஒட்டித்தான் போடப்படும். சிட்டா, அடங்கல் இல்லாமல் அந்தக் கணக்கு திறக்காது. அம்மாவின் கேள்வி வேறு.

அந்த 1,365ஐப் பிரித்துப் பார்ப்போம். 2 லட்சத்துக்கு மாதம் ஒரு வட்டி, அதாவது 2,000 ரூபாய். முதல் மாதக் கடைசியில் நீங்கள் 2,000 கட்டியிருக்க வேண்டும். புல்லட்டில் கட்டவில்லை. அந்த 2,000 இன்னும் 11 மாதம் உங்கள் கையிலேயே இருக்கிறது. வங்கி அதையும் உங்களுக்குக் கொடுத்த கடனாகவே பார்த்து மாதம் 1 சதவீதம் போடுகிறது: 20 ரூபாய் வீதம் 11 மாதம், 220. இரண்டாம் மாத 2,000 உங்களிடம் 10 மாதம் இருக்கிறது, அதற்கு 200. இப்படியே 180, 160 என்று இறங்கி, பதினோராம் மாத 2,000க்கு ஒரே ஒரு 20. எல்லாம் கூட்டினால் 1,320. மீதி 45 ரூபாய், இந்த 20, 20க்கும் விழுந்த வட்டி. மொத்தம் 1,365.

செல்போனில் ஷீட் இருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள், 225365 வரும்:

```
=200000*(1+12%/12)^12
```

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மாதாமாதம் கட்டுகிறவர் 2,000ஐ முன்னாடியே கையை விட்டு அனுப்புகிறார். கடைசியில் கட்டுகிறவர் அதை வைத்திருந்து, வைத்திருந்ததற்கு 1 சதவீதம் கொடுக்கிறார். விகிதம் ஒன்றாகவே இருந்தால் இரண்டு கடனின் உண்மையான விலையும் ஒன்றுதான். பெண்ணையாற்றங்கரை சொன்ன 12.68 சரியான எண். ஆனால் மாதாமாதம் கட்டுகிறவருக்கும் வருடக் கணக்கில் அதே 12.68தான் விழுகிறது. பணம் பன்னிரண்டு துண்டாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் புல்லட்டுக்குத் தனி வட்டிதான் போடுவார்கள், கூட்டு வட்டி கிடையாது. அங்கே கடைசியில் கட்டினாலும் 24,000தான். அப்படிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு புல்லட் எடுக்கலாம். 24,000ஐ வருடம் முழுக்க உங்களிடமே வைத்திருந்து அதே 24,000ஐக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பெண்ணையாற்றங்கரை

சார், கணக்கு புரிகிறது. ஆனாலும் கையிலிருந்து 1,365 கூடுதலாகப் போகிறதே. அது போனது போனதுதானே?

கணக்குப்பிள்ளை_புதுவை

அந்த 2,000 கையில் இருந்த காலத்தில் என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன், இரண்டு பக்கமும் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் ஆள் புல்லட் எடுத்துவிட்டு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த 2,000ஐ 6.5 சதவீத ஆர்.டி.யில் போடுகிறார். வருடக் கடைசியில் அவரிடம் சுமார் 24,715 இருக்கும். கட்டவேண்டிய வட்டி 25,365. நஷ்டம் 650 ரூபாய். கடனுக்கு 12 கொடுத்து சேமிப்புக்கு 6.5 வாங்குவதால் வரும் நஷ்டம். பெண்ணையாற்றங்கரை சொல்வது இவருக்குப் பொருந்தும், இவர் மாதாமாதமே கட்டியிருக்கலாம்.

இரண்டாம் ஆள் மாதாமாதம் கட்டும் திட்டம் எடுக்கிறார். ஆடியில் பணம் இல்லை. தேதி தவறக்கூடாது என்று தெருவில் 5 வட்டிக்கு 2,000 வாங்கிக் கட்டுகிறார். தீபாவளி வேலை முடிந்து நான்கு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறார். வட்டி மட்டும் 400 ரூபாய். அதே 2,000ஐ புல்லட்டில் வங்கியிடமே விட்டிருந்தால் நான்கு மாதத்துக்கு 80 ரூபாய் சொச்சம். இப்படி மூன்று தடவை நடந்தால் தெருவுக்குப் போன வட்டியே 1,200. வருடம் முழுக்கப் புல்லட்டுக்கு ஆகும் கூடுதல் செலவைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது.

அதனால் ‘எப்போதும் மாதாமாதம்தான் லாபம்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சம்பளக்காரருக்குச் சரி. தையல் கடைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

முத்தியால்பேட்டை_ராணி

நான் கம்பெனி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். மகள் காலேஜ் ஃபீஸுக்கு 1 லட்சம் வாங்கினேன். போர்டில் 12 சதவீதம். வங்கியை விட வேகமாக, அரை மணி நேரத்தில் கையில் பணம். 30 நாளில் வட்டி கட்ட வேண்டும் என்றார்கள், நானும் சரி என்றேன்.

முதல் மாதமே மாமியாருக்கு உடம்பு முடியாமல் ஜிப்மருக்கு அலைந்ததில் 35ஆவது நாள்தான் போனேன். ஐந்து நாள்தானே, ஆயிரத்து நூற்றைம்பது வரும் என்று நினைத்து எடுத்துப் போனேன். ரசீதில் 1,534 இருந்தது. ஏன் என்று கேட்டால், 30 நாள் தாண்டினால் 16 சதவீதம், 60 தாண்டினால் 20, 90 தாண்டினால் 24 என்று அடகுச் சீட்டின் பின்பக்கத்தில் காட்டினார்கள். பொடி எழுத்து, இங்கிலீஷ். அந்த ஐந்து நாளுக்கு மட்டும் 16 போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முதல் நாளிலிருந்து 35 நாளுக்கும் 16 போட்டிருந்தார்கள். இன்று வரை அது எனக்குப் பொறுக்கவில்லை.

வில்லியனூர்_கவுண்டர்

ராணி அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். 1,365ஐப் பார்த்துப் பயந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடுவதுதான் நான் கவுண்டரில் தினமும் கண்ட தவறு.

ராணி அம்மா 30ஆவது நாள் போயிருந்தால் 986 ரூபாய். 35ஆவது நாள் 1,534. ஐந்து நாளுக்கு 548 ரூபாய். அதே 12 சதவீதம் தொடர்ந்திருந்தால் அந்த ஐந்து நாளுக்கு 164 ரூபாய்தான். கூட்டு வட்டியால் இப்படி ஒரு குதி வராது. விகிதமே பின்னோக்கி மாறினால்தான் வரும்.

நம் அம்மாவின் 2 லட்சத்தை இதே படிக்கட்டில் வையுங்கள். மாதம் தவறாமல் கட்டினால் வருடத்துக்கு 24,000, வங்கிக்குச் சமம். கட்டமுடியாமல் விட்டுவிட்டு, ‘புல்லட் மாதிரி கடைசியில் கட்டிக்கொள்ளலாம்’ என்று வருடக் கடைசியில் போனால் 24 சதவீதம், 48,000. வங்கியின் புல்லட்டுக்கு 25,365. இரண்டு இடத்திலும் போர்டில் இருந்தது 12.

இப்படிப்பட்ட சீட்டை அடையாளம் காண ஒரு வழி உண்டு. வட்டி விகிதம் என்ற இடத்தில் பெரிய எண்ணும், பக்கத்தில் ‘உரிய தேதியில் கட்டினால் சலுகை’ என்று ஒரு வரியும் இருக்கும். உண்மையான விகிதம் 24. 12 என்பது தவறாமல் கட்டினால் கொடுக்கும் தள்ளுபடி.

பெண்ணையாற்றங்கரை

அபராத வட்டியை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டதே? 2024 ஏப்ரலிலிருந்து போடக்கூடாது என்று படித்தேன். ராணி அக்கா புகார் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமே.

வில்லியனூர்_கவுண்டர்

பாதி சரி. 2023 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை அது. தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு அபராதத்தைக் கூட்டக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி ஏற்றக்கூடாது என்கிறது. ஆனால் இவர்கள் 24ஐயே ஒப்பந்த விகிதமாக எழுதிவிட்டு, குறைத்ததைச் சலுகை என்கிறார்கள். அதனால் எங்கள் சீட்டில் அபராதமே இல்லை என்று வாதிடுவார்கள். அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். புகாரில் நிற்குமா என்பதைச் சீட்டின் வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ராணி அம்மா முதலில் அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

முத்தியால்பேட்டை_ராணி

நகையைத் திருப்பியாகிவிட்டது சார். சீட்டை அப்போதே வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் ரசீது மட்டும்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை_புதுவை

யாராவது நகை வைப்பதாக இருந்தால் அன்றே சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு வித்தியாசம் இங்கே யாரும் சொல்லவில்லை. கையில் வரும் பணமே மாறும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது நெறிமுறை போட்டது, எல்லோரும் 2026 ஏப்ரல் 1க்குள் அதற்கு மாற வேண்டும் என்று. அதன்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் புல்லட் என்றால், கடைசி நாளில் வட்டியோடு சேர்த்துக் கட்டவேண்டிய தொகை அந்த 85க்குள் இருக்க வேண்டும்.

நகையின் மதிப்பு 2,50,000 என்று வையுங்கள். கல், அரக்கு எல்லாம் கழித்து, தங்கத்துக்கு மட்டும். 85 சதவீதம் 2,12,500. மாதாமாதம் வட்டி கட்டும் திட்டத்தில் அது முழுதாகவே கிடைக்கலாம். புல்லட்டில் கடைசித் தொகை 2,12,500 ஆக இருக்க வேண்டுமென்றால் இன்று கையில் 1,88,583தான் தர முடியும். கிட்டத்தட்ட 24,000 குறைவு. அக்காவுக்கு 2 லட்சம் வேண்டும் என்றால் இந்த நகைக்குப் புல்லட்டில் வராது. இன்னும் ஒரு மோதிரமோ தோடோ சேர்த்து வைக்க வேண்டும்.

தையல்வீடு_கடலூர்

அந்த நெறிமுறை சொந்தச் செலவுக்கு வாங்கும் கடனுக்கு மட்டுமா, என் மாதிரித் தொழிலுக்கும் உண்டா?

கணக்குப்பிள்ளை_புதுவை

நான் சொன்ன 85 சதவீத வரம்பு சொந்தச் செலவுக் கடனுக்குப் போடப்பட்டது. அந்த வகையில் புல்லட்டை 12 மாதத்துக்கு மேல் கொடுக்கவும் கூடாது. மிஷின் வாங்க என்று எழுதினால் வங்கி அதைத் தொழில் கடனாக எடுத்துக்கொள்ளும். விகிதமும் அளவும் மாறலாம். விண்ணப்பத்தில் எந்த வகை போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

வில்லியனூர்_கவுண்டர்

அதோடு இந்த மூன்றையும் கேட்டு வாருங்கள் அம்மா. ‘வட்டி எவ்வளவு’ என்று கேட்டால் 12 என்ற ஒரே பதில்தான் வரும். ‘இன்று 2 லட்சம் வாங்கினால் 365ஆவது நாள் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், ரூபாயில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். இரண்டாவது, புல்லட் கணக்கில் இடையில் கையில் இருக்கும்போது 3,000, 5,000 கட்டினால் அன்றைக்கே வரவு வைப்பார்களா? மூன்றாவது, மாதத் திட்டத்தில் ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்? கடன் கொடுக்கும் முன் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று தர வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்கும்.

மூன்றாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். தவறிய 2,000க்கு மாதம் 20 ரூபாய்தானே என்று தோன்றும். மாதத் திட்டத்தில் அது பாக்கி. கட்டணம் தனியாக விழலாம், சிபில் பதிவில் ஏறும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியல். புல்லட்டில் அதே மாதம் கட்டாமல் இருந்தால் எந்தப் பாக்கியும் கிடையாது, ஏனென்றால் தவணைத் தேதியே இன்னும் வரவில்லை. ஆடி மாதத்தில் கை காயும் கடைக்கு இதுதான் பெரிய வேறுபாடு.

நெல்லிக்குப்பம்_கரும்பு

புல்லட்டில் ஒரு பயம் இருக்கிறது. கடைசி நாள் மொத்தத் தொகை வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் வட்டி கட்ட முடியாமல் வட்டியையும் அசலில் சேர்த்து மறு அடகு வைத்தார். இரண்டு வருடத்தில் நகையைத் திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை_புதுவை

அண்ணன் சொல்வது கணக்கிலும் தெரியும். முதல் வருட 2,25,365ஐயே புது அசலாக எழுதினால் இரண்டாம் வருடக் கடைசியில் 2,53,947. புது நெறிமுறையில் சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புல்லட்டைப் புதுப்பிக்க முடியும். அது நல்லதுதான். ஆனால் அந்த 25,365ஐ அன்று ரொக்கமாகப் புரட்ட வேண்டும் என்பதும் உண்மை. அதற்குத் தெருவில் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தையல்வீடு_கடலூர்

இன்று காலை மஞ்சக்குப்பம் கிளைக்குப் போய் வந்தேன். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். எழுதிக் கொடுத்த தொகை முதலில் சொன்னது இல்லை! புல்லட்டுக்கு விகிதம் 13 சதவீதமாம், 12 என்று அன்று சொன்னது மாதத் திட்டத்துக்கு மட்டும். 365ஆவது நாள் கட்டவேண்டியது 2,27,606. இடையில் கட்டினால் அன்றே வரவு வைப்பார்களாம். நகை மதிப்பு எனக்குப் போதும், 2 லட்சம் இரண்டிலும் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை_புதுவை

அப்படியானால் வித்தியாசம் 3,606. இதில் 2,000 ரூபாய், விகிதம் ஒன்று கூடியதால் மட்டும் வருவது. கூட்டு வட்டியின் பங்கு 1,606. இந்த 2,000தான் உண்மையான கூடுதல் விலை. பணத்தை நீங்கள் கையில் வைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெண்ணையாற்றங்கரை

இப்போதாவது மாதாமாதம் எடுங்கள் அக்கா. கடை வருமானத்திலிருந்து ஜூனில் ஆறாயிரம் தனியாக ஒதுக்கி வைத்தால் ஆடியும் ஆவணியும் ஓடிவிடும்.

வில்லியனூர்_கவுண்டர்

இந்த 13க்கு நானும் மாதத் திட்டத்தின் பக்கம்தான் சாய்கிறேன், ஒதுக்கி வைக்க முடியும் என்றால். ஒரு மாதம்கூடத் தவறலாம் என்று தோன்றினால், 13லேயே வாங்கி, சீருடைப் பணம் வரும்போதெல்லாம் கட்டிக்கொண்டே வாருங்கள். கட்டுவது முதலில் சேர்ந்த வட்டிக்குப் போகும், அதனால் அந்த 1,606 பெரும்பாலும் கரைந்துவிடும். 2,000 நிற்கும்.

தையல்வீடு_கடலூர்

வீட்டுக்காரரிடம் கேட்டால் புல்லட் என்கிறார், என் அம்மா மாதாமாதம் என்கிறார். சேமிப்புக் கணக்கில் ஆறாயிரம் இருக்கிறது, அதைத் தொடாமல் வைத்தால் மூன்று மாத வட்டி. வருகிற திங்கள் நகையை எடுத்துப் போகிறேன். சீட்டைப் போட்டோ எடுத்துவிட்டு எந்தத் திட்டம் என்று இங்கே எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டை_ராணி

பின்பக்கத்தையும் எடுங்கள் அக்கா.